‘ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை’: நடத்தைக் கோளாறில் நாம் செய்யும் தவறுகள்

பக்கத்து வீட்டு ஆட்டைத் திருடி விற்றான். பஸ் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்தான். தன்னைவிடச் சின்னவன் ஒருவனைக் கீழே தள்ளி மிதித்தான். எல்லாம் 8 மாதங்களுக்குள். தலைமையாசிரியர் அறையில் அம்மாவையும் ஆச்சியையும் நிற்கவைத்து விசாரித்தபோது அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றானாம். “ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, கல்நெஞ்சன்” என்ற குறிப்போடு அந்த 14 வயதுப் பையன் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தான். பாளையங்கோட்டையில் மனநலச் சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு அந்தக் குறிப்பு மனப்பாடம். (இவன் ஒரே பையன் அல்ல. யாரையும் அடையாளம் காண முடியாதபடி, நான் பார்த்த சிலரைச் சேர்த்து ஓர் உருவமாக எழுதுகிறேன்.)

இவனுக்கு இருப்பது நடத்தைக் கோளாறு, அதாவது பிறர் உரிமைகளையும் விதிகளையும் திரும்பத் திரும்ப மீறும் நிலை என்பதில் சந்தேகம் இல்லை. மனநலக் கோளாறுகளை இனங்காண மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு அதற்கு 15 செயல்களைப் பட்டியலிடுகிறது. கடந்த 12 மாதங்களில் குறைந்தது மூன்று நடந்திருக்க வேண்டும், அதில் குறைந்தது ஒன்று கடைசி 6 மாதங்களுக்குள். இவன் கணக்கு அதற்குள் வந்துவிட்டது. தவறு தொடங்குவது அடுத்த படியில்தான். ‘கல்நெஞ்சன்’ என்று ஊர் சொல்வதற்குக் கையேட்டில் தனி அளவுகோல் உண்டு: செய்ததற்கு வருத்தமின்மை, பிறர் துயரம் உறைக்காமை, படிப்பு போன்ற கடமைகளில் எப்படிச் செய்கிறோம் என்ற கவலையின்மை, மேலோட்டமான உணர்ச்சி. இந்த நான்கில் குறைந்தது இரண்டு, குறைந்தது 12 மாதங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் உறவுகளிலும் நிலைத்திருக்க வேண்டும். தலைமையாசிரியர் அறை ஓர் இடம். அதிலும் பெரியவர்கள் முன்னால் அழுதால் மானக்கேடு என்று வளர்ந்த பையன் அங்கே கண்ணீர் விடுவான் என்று எதிர்பார்ப்பதே பிழை.

ஆகவே வேறு ஆட்களைக் கேட்கவேண்டும். கேட்கும் விதமும் முக்கியம். “இவனுக்கு இரக்கம் உண்டா?” என்று கேட்டால், ஆட்டைப் பறிகொடுத்தவர் வாசலில் வந்து ஏசிவிட்டுப் போன மறுநாள் எந்தத் தாயும் “கிடையாது” என்றுதான் சொல்வாள். நான் ஆச்சியிடம் கேட்டது: “கடைசியாக வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, அன்றைக்கு இவன் என்ன செய்தான்?” ஆச்சிக்கே காய்ச்சல் வந்திருக்கிறது. கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு இரவு அவர் கட்டிலுக்குக் கீழேயே படுத்திருக்கிறான். இன்னொன்றையும் தயங்கிச் சொன்னார். விற்ற ஆட்டுக்கு ஒரு குட்டி இருந்ததாம். இரண்டு நாள் விடியுமுன் போய் அதற்குப் பால் புகட்டிவிட்டு வந்திருக்கிறான். திருடியவன்தான், ஆனால் உறைக்காதவன் இல்லை.

மதிப்பெண் பற்றிக் கவலையே இல்லை என்று பள்ளி சொன்னது உண்மை. மூன்றாம் வகுப்புப் பாடநூலைக் கையில் கொடுத்தேன். நான்கு வரி தாண்டவில்லை. வாசிக்கத் தெரியாததை ஒன்பதாம் வகுப்பில் மறைப்பதற்கு அலட்சியம்தான் எளிய போர்வை. அதைக் கவலையின்மைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இந்த உணர்ச்சிக் குறைவை அளக்க ஐ.சி.யு. என்றொரு வினாத்தாளும் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவு அல்ல, பால் பிரிக் என்ற உளவியலாளர் உருவாக்கியது. 24 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பையன், பெற்றோர், ஆசிரியர் மூவருக்கும் தனித்தனித் தாள். அதில் பல வாக்கியங்கள் நல்ல குணத்தைச் சொல்பவை. அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்தால் சாதுவான பையன்கூடக் கொடியவனாகத் தெரிவான். இத்தனைக்கு மேல் போனால் நோய் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு எதுவும் அந்தத் தாளில் கிடையாது. மூன்று தாள்களும் ஒத்துப்போகாத இடத்தில்தான் விசாரிக்கவேண்டிய விஷயம் இருக்கும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. கையில் நிறக் கயிறு கட்டிக்கொண்டு கூட்டமாக மோதும் பையன்களில் பலர் தங்கள் ஆட்களுக்காக உயிரையே கொடுப்பார்கள். அது வீட்டிலும் தெருவிலும் கற்ற பகை. உணர்ச்சிக் குறைவு என்றால் சொந்த வீட்டிலும் நண்பர்களிடமும் அது தென்பட்டிருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வேறொரு பையன் என் கண்ணைப் பார்த்து அழகாக மன்னிப்புக் கேட்டான், அழவும் செய்தான். அறையை விட்டு வெளியேறிய நிமிடத்தில் முகம் துடைத்த பலகை போல் ஆகிவிட்டது. சித்தி மகளுக்குச் சூடு வைத்ததை வீட்டில் சிரித்துச் சொன்னானாம். பள்ளியிலும் இதே கதை. அவனுக்குக் ‘கல்நெஞ்சன்’ என்ற அடைமொழி பொருந்தியது.

ஆடு திருடியவனுக்கு அது பொருந்தவில்லை. அவன் இரவில் திடுக்கிட்டு எழுவான். அப்பா சென்னையில் மளிகைக் கடையில் இருக்கிறார். கோயில் கொடைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் சேர்த்துவைத்த புகார்களுக்கு மொத்தமாகப் பெல்ட்டால் அடி. உள்ளே பயம் நிறைந்த பையன்களும் வெளியே கல்லாகத் தெரிவார்கள். தூக்கத்தையும் அடியையும் பற்றிக் கேட்காமல் மதிப்பீட்டை முடித்தால் இந்த வகை நம் கையை விட்டுப் போய்விடும்.

சிகிச்சையில் நான் அடிக்கடி காணும் பிழை, பையனை மட்டும் உட்காரவைத்து அறிவுரை சொல்வது. அடுத்தது, இப்படிப்பட்டவர்களை ஒரே குழுவாகச் சேர்ப்பது. அங்கே யார் பெரிய சண்டியர் என்பதுதான் பாடமாகிறது. மூன்றாவது, தண்டனையைக் கூட்டிக்கொண்டே போவது. உணர்ச்சி குறைந்த பையன்களுக்குத் தண்டனை குறைவாகவே உறைக்கும், பரிசு உறைக்கும். 2005-இல் ஹாஸ், டாட்ஸ் இருவரும் சிறு பையன்களிடம் செய்த ஆய்வில், தனியே உட்காரவைக்கும் தண்டனை இவர்களிடம் சரியாக வேலை செய்யவில்லை. பாராட்டும் பரிசும் மற்றவர்களைப் போலவே இவர்களிடமும் வேலை செய்தன. அந்த இரண்டாவது பையன் வீட்டில் அதையே பிடித்துக்கொண்டோம்.

ஆடு திருடியவன் வீட்டில் முதல் மூன்று அமர்வுகளில் விதி எதுவும் போடவில்லை. அம்மா, ஆச்சி, தாய்மாமா நேரில், அப்பா போனில். “உன்னால்தான் கெட்டான்” என்று ஒருவரை ஒருவர் குத்துவதைத் தணிக்கவே அந்த நேரம் போனது. அம்மா பணம் கொடுக்காத நாளில் ஆச்சி ஒளித்துக் கொடுப்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதன் பிறகு மூன்றே விதிகள்: இரவு 8 மணிக்குள் வீடு, யாரோடு எங்கே போகிறான் என்று சொல்வது, பீடி சுற்றும் அம்மாவின் பணப்பையைத் தொடாமல் இருப்பது. கடைப்பிடித்த அன்றே பலன், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளக் கூடாது. மீறினால் மறுநாள் மாலை வெளியே போக முடியாது, அதோடு சரி. அப்பா தினமும் போனில் அன்று நடந்த ஒரு நல்லதை மட்டும் பேசுவார். பெல்ட் பற்றி அவர் தாய்மாமாவிடம் வாக்குக் கொடுத்தார். என்னிடம் கொடுத்திருந்தால் நின்றிருக்காது.

இரண்டாவது வாரம் நிலைமை மோசமானது, 5 இரவுகள் தாமதம். பிடி இறுகும்போது பையன் ஒரு முறை பலமாக முட்டிப் பார்ப்பான். “இது பலிக்கவில்லை” என்று பல வீடுகள் கைவிடுவது அங்கேதான். காலண்டரில் தாமதமான இரவுகளை மட்டும் வட்டமிடச் சொன்னேன், வேறு எதையும் அளக்கவில்லை. பத்தாவது வாரம் ஒரே ஒரு வட்டம். வாசிப்புக்குப் பள்ளியில் ஒரு டீச்சர் தனியாக அரை மணி நேரம் ஒதுக்கினார்.

இரண்டாவது பையன் அவ்வளவு தூரம் வரவில்லை. இப்படிப்பட்டவர்கள் கோளாறின் அதிகத் தீவிரத்தோடு சிகிச்சையைத் தொடங்குவார்கள், முன்னேறினாலும் மற்றவர்களைவிடச் சற்று மேலான தீவிரத்திலேயே முடிப்பார்கள். சித்தி மகளைத் தனியாக அவனோடு விடுவதில்லை என்ற ஏற்பாடு அந்த வீட்டில் இன்றும் தொடர்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் கை மீறினால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம்.

ஆட்டுக்காரருக்குக் கடன் இன்னும் பாதி நிற்கிறது. சனிக்கிழமைகளில் அவருடைய தொழுவத்தைப் பெருக்கி அந்தக் கடனைக் கழித்துவருகிறான்.