வித்ரு தொழுவது எப்படி? கடைசி ரக்அத்தில் குனூத் எங்கே வரும்?

புதிதாக வித்ரு தொழ ஆரம்பிப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கடைசி ரக்அத்தில் குனூத்தை ருகூஃவுக்கு முன்னால் ஓதுவதா, எழுந்த பிறகு ஓதுவதா? ஒருவர் ஒரு மாதிரி தொழுகிறார், பக்கத்தில் நிற்பவர் வேறு மாதிரி தொழுகிறார். இரண்டு முறைக்கும் ஹதீஸ் ஆதாரம் உண்டு, இரண்டையும் இமாம்கள் ஏற்றிருக்கிறார்கள். பாதியை அங்கிருந்தும் பாதியை இங்கிருந்தும் எடுத்துக் கலக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. அதனால் மூன்று ரக்அத் வித்ரை ஹனஃபி முறையில் ஒருமுறை, ஷாஃபி முறையில் ஒருமுறை எனத் தனித்தனியாகச் சொல்கிறேன். உங்கள் முறை எதுவோ அதை மட்டும் முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம்

இஷாவின் ஃபர்ளைத் தொழுத பிறகுதான் வித்ரின் நேரம் ஆரம்பிக்கிறது. ஃபஜ்ரு நேரம் நுழையும் வரை அது நீடிக்கும். இஷா தொழாமல் வித்ரை முந்தித் தொழுதால் அது கூடாது. இரவின் கடைசியில் எழ முடியும் என்ற உறுதி இருப்பவர் அப்போது தொழுவது சிறப்பு. எழ முடியாதோ என்று அஞ்சுபவர் தூங்குவதற்கு முன்பே தொழுதுவிட வேண்டும். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் முஸ்லிம் நூலின் ஹதீஸ் இதைத்தான் சொல்கிறது. பழக்கம் வரும் வரை இஷாவோடு சேர்த்தே தொழுதுவிடுவது நல்லது என்பது என் கருத்து. அலாரத்தை நம்பி வித்ரைத் தள்ளிப்போடுவது ஆரம்பத்தில் வேண்டாம்.

ஹனஃபிகளிடம் வித்ரு வாஜிப், தவறினால் களா செய்தாக வேண்டும். ஷாஃபி, மாலிகி, ஹம்பலி மத்ஹபுகளில் அது வலியுறுத்தப்பட்ட ஸுன்னத்.

ஹனஃபி முறை: ஒரே ஸலாமில் மூன்று ரக்அத்

1. வித்ரு தொழுவதாக மனதில் நிய்யத் வைத்துத் தக்பீர் கட்டுங்கள். முதல் ரக்அத்தில் ஃபாத்திஹாவும் ஒரு சூராவும் ஓதுங்கள். தெரிந்தால் ‘ஸப்பிஹிஸ்ம ரப்பிகல் அஃலா’ ஓதலாம்.

2. இரண்டாம் ரக்அத்தில் ஃபாத்திஹாவுடன் ‘குல் யாஅய்யுஹல் காஃபிரூன்’ ஓதி, ருகூஃ, ஸுஜூது முடித்து உட்காருங்கள். அத்தஹிய்யாத் மட்டும் ஓதிவிட்டு எழுந்துவிட வேண்டும். ஸலவாத் இங்கே கிடையாது, ஸலாமும் கொடுக்கக் கூடாது.

3. மூன்றாம் ரக்அத்தில் ஃபாத்திஹா, அப்புறம் ‘குல் ஹுவல்லாஹு அஹத்’. பலர் சறுக்கும் இடம் இது. இதுவரை மஃரிபு போலவே வந்ததால், மஃரிபின் மூன்றாம் ரக்அத் மாதிரி ஃபாத்திஹாவோடு நிறுத்திவிடுகிறார்கள். வித்ரின் மூன்று ரக்அத்திலும் சூரா உண்டு.

4. சூரா முடிந்ததும் ருகூஃவுக்குப் போகாதீர்கள். ‘அல்லாஹு அக்பர்’ என்று சொல்லி, தொழுகையின் ஆரம்பத்தில் உயர்த்தியது போலக் கைகளை உயர்த்தி, மறுபடியும் கட்டிக்கொள்ளுங்கள். நின்ற நிலையில், சத்தமில்லாமல் குனூத் ஓதுங்கள். ஓதி முடித்த பிறகு தக்பீர் சொல்லி ருகூஃ. அதன்பின் வழக்கம்போல் ஸுஜூது, கடைசி இருப்பு, ஸலாம்.

ஹனஃபிகள் இதை ஆண்டு முழுவதும் ஓதுகிறார்கள். அவர்கள் வழக்கமாக ஓதும் துஆ ‘அல்லாஹும்ம இன்னா நஸ்தஈனுக வநஸ்தக்ஃபிருக’ என்று தொடங்கும். உதவியும் மன்னிப்பும் கேட்டு, உனக்கே தொழுகிறோம், உனக்கே ஸுஜூது செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு போகும் துஆ அது. கொஞ்சம் நீளமானது. அது மனப்பாடம் ஆகும் வரை ‘ரப்பனா ஆதினா ஃபித்துன்யா ஹஸனதன்...’ துஆவை ஓதிக்கொள்ளலாம், வாஜிப் நிறைவேறிவிடும். குறிப்பிட்ட அந்த வாசகங்களை ஓதுவது ஸுன்னத். வாஜிப் என்பது அந்த இடத்தில் ஏதாவது ஒரு துஆ ஓதுவதுதான். துஆ தெரியவில்லை என்பதற்காக வித்ரையே விட்டுவிடத் தேவையில்லை.

ஷாஃபி முறை: இரண்டு, பிறகு ஒன்று

இங்கே வித்ரின் குறைந்த அளவு ஒரு ரக்அத், அதிகபட்சம் பதினொன்று. மூன்றாகத் தொழுபவர் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிட்டு, புதிதாகத் தக்பீர் கட்டி ஒரு ரக்அத் தொழுவது சிறந்தது.

1. வித்ரில் இரண்டு ரக்அத் என்ற நிய்யத்துடன் தொழுங்கள். முதலாவதில் ‘ஸப்பிஹிஸ்ம’, இரண்டாவதில் ‘காஃபிரூன்’. அத்தஹிய்யாத்தும் ஸலவாத்தும் முழுமையாக ஓதி ஸலாம் கொடுங்கள்.

2. எழுந்து, வித்ரில் ஒரு ரக்அத் என்ற நிய்யத்துடன் மறுபடி தக்பீர். ஃபாத்திஹாவுக்குப் பிறகு ‘இக்லாஸ்’, ‘ஃபலக்’, ‘நாஸ்’ மூன்றையும் ஓதுவது ஸுன்னத். ஒன்று மட்டும் ஓதினாலும் தொழுகை கூடும்.

3. ருகூஃ செய்துவிட்டு எழுந்து நேராக நில்லுங்கள். இந்த இஃதிதால் நிலைதான் குனூத்தின் இடம். நிலையில் ஓத வேண்டியதைச் சொல்லிவிட்டு, கைகளை துஆவுக்கு ஏந்துவது போல ஏந்தி ஓதுங்கள். முடிவில் நபியின் மீது ஸலவாத் சொல்லி நேராக ஸுஜூதுக்குப் போய்விடலாம். இன்னொரு ருகூஃ வேண்டாம்.

ஒரு முக்கியமான விஷயம்: ஷாஃபி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி வித்ரில் குனூத் ஓதுவது ரமலானின் பிற்பாதியில் மட்டும்தான், அதாவது பதினாறாம் இரவிலிருந்து. மற்ற நாட்களில் இஃதிதாலிலிருந்து நேரே ஸுஜூதுக்குப் போக வேண்டியதுதான். ஆண்டு முழுவதும் ஓதலாம் என்ற கருத்தும் அந்த மத்ஹபுக்குள்ளேயே உண்டு. ஹம்பலிகளும் ருகூஃவுக்குப் பிறகு ஓதுவதையே சிறந்ததாகக் கொண்டு, ஆண்டு முழுவதும் ஓதுகிறார்கள்.

ஓதும் துஆ

நபி (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் பின் அலீ (ரலி) அவர்களுக்கு, வித்ரில் ஓதுவதற்காகக் கற்றுக்கொடுத்த வாசகங்கள் இவை. அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னு மாஜா நூல்களில் வருகிறது. ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி ஓதும்படி எழுதியிருக்கிறேன்:

அல்லாஹும்மஹ்தினீ ஃபீமன் ஹதைத்
வஆஃபினீ ஃபீமன் ஆஃபைத்
வதவல்லனீ ஃபீமன் தவல்லைத்
வபாரிக் லீ ஃபீமா அஃதைத்
வகினீ ஷர்ர மா களைத்
ஃபஇன்னக தக்ளீ வலா யுக்ளா அலைக்
வஇன்னஹு லா யதில்லு மன் வாலைத்
வலா யஇஸ்ஸு மன் ஆதைத்
தபாரக்த ரப்பனா வதஆலைத்

கருத்து: யா அல்லாஹ், நீ நேர்வழி காட்டியவர்களோடு எனக்கும் நேர்வழி காட்டுவாயாக. நீ ஆஃபியத் கொடுத்தவர்களோடு எனக்கும் ஆஃபியத் கொடுப்பாயாக. நீ பொறுப்பேற்றுக்கொண்டவர்களோடு எனக்கும் பொறுப்பேற்பாயாக. நீ தந்தவற்றில் எனக்கு பரக்கத் செய்வாயாக. நீ தீர்ப்பளித்தவற்றின் தீங்கிலிருந்து என்னைக் காப்பாயாக. நீயே தீர்ப்பளிக்கிறாய், உனக்கு எதிராகத் தீர்ப்பளிக்க யாரும் இல்லை. நீ நேசித்தவர் இழிவடைவதில்லை, நீ பகைத்தவர் கண்ணியம் பெறுவதில்லை. எங்கள் இறைவா, நீ பாக்கியம் மிக்கவன், உயர்ந்தவன்.

எட்டாவது வரி எல்லா அறிவிப்புகளிலும் இல்லை. அதை விட்டு ஓதும் ஒருவரைக் கேட்டால், அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

மனப்பாடம் செய்யும்போது இரண்டு இடங்களைத் தனியாகப் பழகுங்கள். முதல் மூன்று வரிகளில் ‘ஃபீமன்’, நான்காவதில் மட்டும் ‘ஃபீமா’. முதல் மூன்றும் மனிதர்களைக் குறித்தவை, நான்காவது கொடுக்கப்பட்ட பொருட்களைக் குறித்தது. அடுத்து ‘ஆஃபைத்’, ‘அஃதைத்’ இரண்டும் வாயில் இடம் மாறிக்கொள்ளும். மாறினால் இரண்டாம் வரியிலிருந்து நேராக ஐந்தாம் வரிக்குத் தாவிவிடுவீர்கள், நடுவில் இரண்டு வரி போயிருக்கும். மேலே அல்லாஹ்விடம் வேண்டிக் கேட்கும் வரிகள் ஐந்து; விரல் விட்டு எண்ணிப் பழகினால் எது விடுபட்டது என்று தெரிந்துவிடும். தமிழ் எழுத்தில் அரபி உச்சரிப்பு முழுதாக வராது. அதனால் அரபி ஓதத் தெரிந்த ஒருவர் முன் ஒருமுறை ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

தனியாகத் தொழுபவர் ‘எனக்கு’ என்று ஓதுகிறார். இமாமாக நின்று சத்தமாக ஓதுபவர் ‘எங்களுக்கு’ என்று மாற்றி ‘அல்லாஹும்மஹ்தினா’, ‘வஆஃபினா’, ‘வதவல்லனா’, ‘வபாரிக் லனா’, ‘வகினா’ என ஓத வேண்டும். அல்லாஹ்விடம் வேண்டிக் கேட்கும் வரிகளுக்குப் பின்னால் நிற்பவர்கள் ஆமீன் சொல்வார்கள். ‘ஃபஇன்னக தக்ளீ’ என்று புகழ்ச்சி ஆரம்பித்ததும் ஆமீனை நிறுத்திவிட்டு, அவர்களும் மெதுவாக ஓதலாம், அல்லது மௌனமாகக் கேட்கலாம்.

மறந்துவிட்டால்?

ஹனஃபி முறையில் தொழும் ஒருவர் மூன்றாம் ரக்அத்தில் சூரா முடித்த வேகத்தில் ருகூஃவுக்குப் போய்விட்டார், ‘ஸுப்ஹான ரப்பியல் அழீம்’ சொல்லும்போது குனூத் ஞாபகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுந்து நிலைக்குத் திரும்ப வேண்டாம், ருகூஃவிலேயே குனூத்தை ஓதவும் வேண்டாம். தொழுகையைத் தொடர்ந்து, கடைசி இருப்பில் ஸஜ்தா ஸஹ்வு செய்தால் போதும்.

ரமலானின் பிற்பாதியில் ஷாஃபி முறையில் தொழுபவர் மறந்து ஸுஜூதில் நெற்றியை வைத்துவிட்டால் அவரும் திரும்பக் கூடாது. ஸலாமுக்கு முன் ஸஜ்தா ஸஹ்வு செய்வது அவருக்கு ஸுன்னத். நெற்றி தரையில் படுவதற்கு முன்பே ஞாபகம் வந்தால், நிலைக்குத் திரும்பி குனூத் ஓதிக்கொள்ளலாம்.

ஸலாமுக்குப் பிறகு

‘ஸுப்ஹானல் மலிகில் குத்தூஸ்’ என்று மூன்று முறை சொல்லுங்கள், மூன்றாவது முறை குரலை நீட்டி. உபை பின் கஅப் (ரலி) அவர்களின் அறிவிப்பில் இது வருகிறது.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும். இரவு 10 மணிக்கு வித்ரு தொழுதுவிட்டுத் தூங்கியவருக்கு 4 மணிக்கு விழிப்பு வந்துவிட்டது, தஹஜ்ஜுத் தொழ ஆசை. தொழலாம், இரண்டிரண்டு ரக்அத்தாக எத்தனை வேண்டுமானாலும். ஆனால் கடைசியில் மறுபடியும் வித்ரு தொழக் கூடாது, முதலில் தொழுததே போதும். ‘ஓர் இரவில் இரண்டு வித்ரு இல்லை’ என்பது தல்க் பின் அலீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். வித்ரைத் தொழாமல் தூங்கியவர் எழுந்திருந்தால் வரிசை மாறும்: முதலில் தஹஜ்ஜுத், அதன் பிறகு கடைசியாக வித்ரு. ஃபஜ்ருக்குச் சில நிமிடங்களே இருந்தால் தஹஜ்ஜுதை விட்டுவிட்டு வித்ரை முதலில் முடித்துவிட வேண்டும்.