டோக்கன் சரி, ஆனாலும் 401

நிறுவனத்தின் உள் பைத்தான் நூலகங்களைப் பகிர்வதற்காக, டோக்கன் வழி அனுமதி தரும் தனிப் பேக்கேஜ் சர்வர் ஒன்றை அமைத்தோம். பில்ட் சர்வரில் `pip install` ஓடும்போது, பேக்கேஜின் பதிப்புப் பட்டியல் சரியாக வந்த பிறகு, கோப்பைப் பதிவிறக்கும் கட்டத்தில் மட்டும் 401 பிழை எழுந்தது.

புதிய டோக்கன் உருவாக்கியும், அதன் அனுமதிகளை விரிவாக்கியும், சிறப்புக் குறிகளை முகவரிக்கேற்ப மாற்றி எழுதியும் பலனில்லை. என் கணினியில் அதே கட்டளையைக் கையால் ஓட்டியபோதுதான் துப்புக் கிடைத்தது: `pip` பயனர்பெயர் கேட்ட வரியில் இருந்தது நாங்கள் கொடுத்த முகவரியே அல்ல.

```
User for pkg-app.internal:8443:
```

பட்டியல் பக்கத்தை `curl` கொண்டு எடுத்து `href` இணைப்புகளைப் பார்த்தேன். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸின் பெயருக்குப் பதிலாக, பின்னாலுள்ள சர்வரின் உள்முகவரியே அவற்றில் முழுமையாக எழுதப்பட்டிருந்தது. ஒரு ஹோஸ்டுக்குக் கொடுத்த டோக்கனை `pip` வேறு ஹோஸ்டுக்கு அனுப்பாது. பாதுகாப்புக்கு அதுவே நியாயம்.

சர்வர் அமைப்பில் வெளிமுகவரியாக என்ஜின்எக்ஸின் பெயரைக் கொடுத்து மறுதொடக்கம் செய்ததும், பழைய டோக்கனே போதுமானதாயிற்று. நிம்மதி. இணைப்புகளில் போர்ட் எண் வேறுபட்டாலும் இதே பிழைதான் வரும் என்பதால், அதையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.