ஆயிரம் பட்டியல்களை இணைத்த கதை

நேர வரிசையில் அமைந்த 1,000 பதிவுக் கோப்புகளை ஒன்றாக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் 10,000 வரிகள். முதல் இரண்டை இணைத்து, வந்த விடையுடன் மூன்றாவதை இணைத்து, அப்படியே தொடரும்படி எழுதியிருந்தேன். தொடக்கத்தில் விரைவாக ஓடிய நிரல் போகப்போகத் தவழ்ந்தது. வட்டின் மீது ஐயம் கொண்டு இடையகத்தைப் பெரிதாக்கியதில் ஒரு நாள் வீணாயிற்று.

கடைசி 100 கோப்புகள் முதல் 100 கோப்புகளைவிட ஏறத்தாழ 19 மடங்கு நேரம் எடுத்ததைக் கவனித்த பிறகே காரணம் புரிந்தது. முதல் கோப்பின் வரிகள் ஒவ்வொரு இணைப்பிலும், அதாவது 999 முறை, மீண்டும் நகலெடுக்கப்பட்டன. மொத்தம் சுமார் 500 கோடி நகர்த்தல்கள்.

ஒவ்வொரு கோப்பின் முன்வரியையும் ஒரு ஹீப்பில் இட்டு, மிகச் சிறியதை எடுத்து, அது வந்த கோப்பின் அடுத்த வரியை உள்ளே தள்ளும்படி மாற்றினேன். 1,000 உறுப்புகள் கொண்ட ஹீப்பின் உயரம் ஏறத்தாழ 10 என்பதால், 1 கோடி வரிகளுக்கும் சேர்த்துச் சுமார் 10 கோடி படிகளே ஆகும்.

ஆனால் பாதியில் `TypeError` வந்து நின்றது. இரண்டு வரிகளின் நேரம் சமமானபோது, பைதான் அடுத்திருந்த `dict` பதிவுகளை ஒப்பிட முயன்றிருக்கிறது. நடுவில் கோப்பின் எண்ணை வைத்ததும் தீர்ந்தது:

```
heapq.heappush(heap, (t, i, rec))
```

ஒரு கோப்பிலிருந்து ஒரு வரி மட்டுமே ஹீப்பில் இருப்பதால் `i` ஒருபோதும் சமமாகாது. ஒப்பீடு `rec` வரை செல்வதில்லை.