இரண்டு மரத்துக்கு நடுவில் இருந்த ஒரு கட்டம்

கே.எல். சென்ட்ரலில் ரயிலுக்கு நிற்கும்போது போனில் ஆடும் கூடாரப் புதிர், 8×8 கட்டம். ஒவ்வொரு மரத்துக்கும் மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம் என ஏதாவது ஒரு கட்டத்தில் அதற்கென ஒரு கூடாரம் வைக்க வேண்டும்; கூடாரம் வராத கட்டத்தில் புல். ஒவ்வொரு வரிசைக்கும் நெடுவரிசைக்கும் எத்தனை கூடாரம் என்று எண் கொடுத்திருக்கும். மூன்று நாள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன். நான்காம் வரிசைக்கு 3 கூடாரம் வேண்டும்; எனக்கோ இரண்டுக்குத்தான் இடம் இருந்தது. முதலில் ஊகித்து வைத்துப் பார்த்தேன், பிறகு புதிரே தப்பு என்று நினைத்தேன். இரண்டு முறை அழித்துத் தொடங்கியும் அதே முட்டுச்சந்து.

பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் ஆறும் நேரத்தில் டிஷ்யூ தாளில் அந்த வரிசையை வரைந்தேன். ஆறாம் கட்டத்தில் நான் புல் போட்டிருந்தேன். அதற்கு மேலே இருந்த மரத்துக்குக் கூடாரம் கிடைத்துவிட்டது, அதனால். ஆனால் வலப்பக்கம், ஏழாம் கட்டத்தில், இன்னொரு மரம் கூடாரமில்லாமல் நின்றது. கூடாரங்கள்தான் ஒன்றையொன்று மூலையில்கூடத் தொடக்கூடாது. அடுத்தவன் மரத்தைத் தொட்டால் குற்றமில்லை.

புல்லை எடுத்ததும் காலி இடங்கள் 1-2, 4-5-6. முதல் துண்டில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கு மேல் கொள்ளாது. ஆக 4, 6 உறுதி. 1-இல் வருமா 2-இல் வருமா தெரியவில்லை, ஆனால் எதில் வந்தாலும் மேலும் கீழும் உள்ள இரண்டிரண்டு கட்டங்களும் புல்தான். இதைத்தான் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

ஆறாம் வரிசையின் முதல் கட்டத்தில் ஒரு மரம். மேலே புல், வலப்பக்கம் மரம், கூடாரம் கீழேதான். முதல் நெடுவரிசைக்கு 1 கூடாரம்தான். எனவே நான்காம் வரிசையில் மிச்சமிருந்தது 2-ஆம் கட்டத்தில் விழுந்தது. தேநீர் ஆறிப்போயிருந்தது.