11/16 இன்ச் ஷாஃப்ட்டை பத்தாயிரத்தில் ஒன்று வரை அளப்பது எப்படி?

அமெரிக்காவிலிருந்து வேலைக்கு வரும் வரைபடங்களில் இன்னும் இன்ச் கணக்குதான். அதிலும் பழைய வரைபடம் என்றால் 11/16, 23/64 என்று பின்னமாகவே போட்டிருப்பார்கள். இன்ச் மைக்ரோமீட்டரில் பின்னமே கிடையாது, எல்லாம் தசமம். அதனால் முதலில் பின்னத்தைத் தசமமாக்க வேண்டும், அப்புறம்தான் கருவியைத் தொட வேண்டும்.

ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு இரண்டையும் பார்த்துவிடலாம். புஷ்ஷுக்குள் சுழலும் ஸ்டீல் ஷாஃப்ட் ஒன்று. விட்டம் 11/16 இன்ச். டாலரன்ஸ் +.0000, −.0005. அதாவது சொன்ன அளவுக்கு மேலே துளியும் போகக்கூடாது, கீழே அரை தௌ வரை போகலாம். தௌ என்றால் ஆயிரத்தில் ஒரு இன்ச், 0.001. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0001 இன்ச், பட்டறைப் பேச்சில் ஒரு டென்த். மில்லிமீட்டரில் சொன்னால் 0.00254.

பின்னத்தைத் தசமமாக்குதல்

மேலே உள்ள எண்ணைக் கீழே உள்ள எண்ணால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

```
11 ÷ 16 = 0.6875
```

கால்குலேட்டர் பக்கத்தில் இல்லையென்றாலும் கஷ்டமில்லை. நம் ஊரில் நூல் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். ஒரு நூல் 1/8 இன்ச், அதாவது 0.125. ஐந்து நூல் 0.625. 11/16 என்பது ஐந்தரை நூல். அரை நூல் 0.0625. இரண்டையும் கூட்டினால் 0.6875. வகுத்து வந்த விடையை இப்படி இன்னொரு வழியில் சரிபார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கால்குலேட்டரில் ஒரு எண்ணை மாற்றித் தட்டிவிட்டால் அது எச்சரிக்காது.

இன்ச் பின்னங்களின் கீழ் எண் 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் தசமத்தில் ஒரு இலக்கம் கூடும். 1/2 என்பது 0.5. 1/4 என்பது 0.25. 1/16 என்பது 0.0625, நான்கு இலக்கம். நம் மைக்ரோமீட்டரும் நான்கு இலக்கம் வரைதான் காட்டும். ஆகவே பதினாறில் ஒன்று வரையுள்ள எல்லாப் பின்னங்களும் மிச்சமில்லாமல் கருவியில் உட்காரும். 1/32-க்கு ஐந்து இலக்கம், 1/64-க்கு ஆறு இலக்கம் தேவை. அங்கேதான் முழுமையாக்க வேண்டி வருகிறது.

முழுமையாக்குவதைக் கணக்கின் கடைசியில்தான் செய்ய வேண்டும். 23/64-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் 1/64-ஐ 0.0156 என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, அதை 23-ஆல் பெருக்குவார்கள்.

```
0.0156 × 23 = 0.3588
23 ÷ 64     = 0.359375  →  0.3594
```

ஆறு டென்த் வித்தியாசம். நம் ஷாஃப்ட்டின் மொத்த டாலரன்ஸே ஐந்து டென்த்தான். வெட்டி எறிந்த 0.000025 இருபத்து மூன்று மடங்காகி இவ்வளவாகிவிட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 11/16 என்று மட்டும் போட்டு, பக்கத்தில் டாலரன்ஸ் எதுவும் இல்லையென்றால், அதை 0.6875 என்று மாற்றிக்கொண்டு டென்த் டென்த்தாகத் துரத்தத் தேவையில்லை. வரைபடத்தின் கீழ் மூலையில் உள்ள கட்டத்தைப் பாருங்கள். பின்ன அளவுகளுக்கு ±1/64 என்று பொதுவாகக் கொடுத்திருப்பது வழக்கம். அது கிட்டத்தட்ட ±0.0156. காலிப்பரே போதும். நான்கு இலக்கமாக எழுதியதால் அளவு துல்லியமாகிவிடாது, டாலரன்ஸ்தான் அதைச் சொல்கிறது.

நம் ஷாஃப்ட்டுக்கு டாலரன்ஸ் இறுக்கமாக இருக்கிறது. ஏற்கத்தக்க அளவு 0.6870 முதல் 0.6875 வரை. இதை ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவிட்டு மைக்ரோமீட்டரை எடுங்கள்.

ஜீரோ பார்த்தல்

0–1 இன்ச் மைக்ரோமீட்டர் வேண்டும், ஸ்லீவ் எனும் அசையாத குழலின் மேல், கடைசி இலக்கத்தைக் காட்டும் வெர்னியர் கோடுகள் உள்ளதாக. அசையாத முனையான ஆன்வில், நகரும் தண்டான ஸ்பிண்டில், இரண்டின் முகத்துக்கும் நடுவே சுத்தமான வெள்ளைத் தாளை வைத்து லேசாக மூடி, தாளை உருவி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு தாளோடு வந்துவிடும். தாள் கிழிந்து நார் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்முனையில் உள்ள ராட்செட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்பி மூடுங்கள். இரண்டு மூன்று முறை கிளிக் சத்தம் கேட்டால் போதும்.

இப்போது சுழலும் குழலான திம்பிளின் 0, ஸ்லீவில் நீளவாக்கில் போகும் ஆதாரக் கோட்டோடு நேராக நிற்க வேண்டும். வெர்னியரிலும் இரு முனையில் உள்ள 0 கோடுகள் திம்பிள் கோடுகளோடு பொருந்த வேண்டும். பொருந்தாமல் வெர்னியர் 2 காட்டினால், கருவி இரண்டு டென்த் கூட்டிச் சொல்கிறது. அளவிலிருந்து 0.0002 கழியுங்கள். மூடும்போது திம்பிளின் 0 ஆதாரக் கோட்டைத் தாண்டிப் போய், வெர்னியர் 8 காட்டினால் அது எட்டு டென்த் அல்ல. ஜீரோவுக்கு இரண்டு டென்த் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அளவோடு 0.0002 கூட்டுங்கள். ஜீரோவைத் திருத்திக்கொள்ளத் தெரிந்தால் கருவியோடு வரும் ஸ்பேனரால் திருத்திவிடுவதே மேல்.

அளவைப் படித்தல்

ஸ்பிண்டிலின் மரைக்கு ஒரு இன்ச்சில் 40 சுற்று. ஆகவே திம்பிளை ஒரு முழுச் சுற்று திருப்பினால் 0.025 இன்ச் நகரும். ஸ்லீவில் உள்ள ஒவ்வொரு சிறு கோடும் அந்த 0.025. நான்கு கோட்டுக்கு ஒரு எண் போட்டிருக்கும், அது 0.100. திம்பிளின் சுற்றில் 25 கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு தௌ.

ஷாஃப்ட்டை நடுவே வைத்து, ராட்செட்டால் மூடி, நேருக்கு நேராகப் பாருங்கள். நம் ஷாஃப்ட்டில் இப்படி இருக்கிறது: ஸ்லீவில் 6 என்ற எண் வெளியே தெரிகிறது. அதைத் தாண்டி மூன்று சிறு கோடுகள். ஆதாரக் கோடு, திம்பிளின் 12-க்கும் 13-க்கும் இடையே விழுகிறது. கடைசி இலக்கத்துக்கு வெர்னியரைப் பார்க்க வேண்டும்.

வெர்னியரில் பத்து இடைவெளிகள், திம்பிளின் ஒன்பது இடைவெளி அளவுக்குள் அடக்கப்பட்டிருக்கின்றன. அதாவது வெர்னியரின் ஒரு இடைவெளி 0.0009, திம்பிளின் ஒரு இடைவெளி 0.0010. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு டென்த் வித்தியாசம். திம்பிள் 12-ஐத் தாண்டி மூன்று டென்த் நகர்ந்திருந்தால், அந்த மூன்று டென்த்தையும் ஈடுகட்டும் மூன்றாவது வெர்னியர் கோடுதான் திம்பிள் கோடு ஒன்றோடு நேராகச் சேரும். மற்றவை எல்லாம் சற்று முன்னேயோ பின்னேயோ நிற்கும்.

எந்தக் கோடு என்று சந்தேகமாக இருந்தால் பக்கத்துக் கோடுகளைப் பாருங்கள். 3 சரியாகப் பொருந்தியிருந்தால், 2-ம் 4-ம் எதிரெதிர்த் திசையில் ஒரே அளவு விலகியிருக்கும். கண்ணுக்கு அதுதான் பெரிய உதவி. இங்கே 3-தான் சேருகிறது. படிக்க வேண்டியது ஸ்லீவில் உள்ள வெர்னியர் எண்ணை. அதற்கு எதிரே திம்பிளில் எந்த எண் நின்றாலும் அதற்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை. புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

```
ஸ்லீவ் எண் 6        0.6000
மூன்று சிறு கோடுகள்   0.0750
திம்பிள் 12          0.0120
வெர்னியர் 3          0.0003
மொத்தம்            0.6873
```

0.6870-க்கும் 0.6875-க்கும் நடுவே. சரி.

தவறும் இடங்கள்

இரண்டு இடத்தில் கண் ஏமாறும். முதலாவது, திம்பிள் 0-ஐ நெருங்கும்போது. திம்பிளில் 24 நிற்கிறது, ஸ்லீவில் 0.675-க்கான கோடு ஏற்கெனவே எட்டிப் பார்க்கிறது. அதையும் சேர்த்துவிட்டால் 0.699 என்று வரும். உண்மையில் திம்பிள் அந்தச் சுற்றை இன்னும் முடிக்கவில்லை, அளவு 0.674. தவறு எப்போதும் சரியாக 0.025 ஆக இருக்கும். காலிப்பரால் ஒரு முறை அளந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது அதே ஏமாற்றம், இன்னும் சிறிய அளவில். திம்பிளின் 12 ஆதாரக் கோட்டோடு ஏறக்குறைய நேராக நிற்கிறது, வெர்னியர் 9 காட்டுகிறது. 12-ஐயும் 9-ஐயும் சேர்த்து 0.6879 என்று எழுதினால் ஷாஃப்ட் பெரிது என்று நினைத்து இன்னும் கடைந்துவிடுவீர்கள். 12 இன்னும் கோட்டை எட்டவில்லை. எட்ட ஒரு டென்த் பாக்கி. படிக்க வேண்டியது 11-ம் 9-ம், அதாவது 0.6869. ஏற்கெனவே ஒரு டென்த் சிறிதாகிவிட்ட ஷாஃப்ட் அது. ஆகவே வெர்னியர் 8, 9 என்று காட்டும்போது திம்பிள் கோடு கிட்டே வந்திருக்கும், தாண்டியிருக்காது. 1, 2 என்று காட்டும்போது தாண்டியிருக்கும். இந்தப் பொருத்தம் இல்லையென்றால் மறுபடி படியுங்கள்.

அப்புறம் சூடு. ஸ்டீல் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் இன்ச்சுக்குச் சுமார் 0.0000115 விரியும். லேத்திலிருந்து அப்போதுதான் வந்த ஷாஃப்ட், மைக்ரோமீட்டரை விட 25 டிகிரி சூடாக இருந்தால் இந்த விட்டத்தில் இரண்டு டென்த் பெரிதாகக் காட்டும். நம் 0.6873 ஆறியபின் 0.6871 ஆகிவிடும். டாலரன்ஸில் ஐந்து டென்த் இருக்க, இரண்டைச் சூடே தின்றுவிடுகிறது. ஷாஃப்ட், மைக்ரோமீட்டர் இரண்டையும் ஒரே இரும்புத் தட்டின் மேல் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அளங்கள். மைக்ரோமீட்டரின் ஃபிரேமை உள்ளங்கையில் பொத்தி வைத்திருப்பதும் ஆகாது, அதுவும் சூடேறும்.

ஓர் இடத்தில் அளந்து முடித்துவிடாதீர்கள். ஷாஃப்ட்டைக் கால் சுற்று திருப்பி அதே இடத்தில் அளங்கள், பிறகு மறுமுனையில். நம் ஷாஃப்ட்டில் முதல் இடம் 0.6873, திருப்பியபின் 0.6872, மறுமுனை 0.6876. மறுமுனை ஒரு டென்த் பெரிது, புஷ் அங்கே பிடிக்கும். அந்த முனையில் மட்டும் மெல்லிய எமரி தாள் காட்டி, துடைத்து, ஆறவிட்டு, ஜீரோவைத் திரும்பப் பார்த்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.