டிவி அப்டேட்டுக்குப் பிறகு இழுக்கிறதா? ரீசெட் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

“போன வாரம் வரை நல்லா ஓடுச்சு, அப்டேட் வந்ததும் இழுக்குது.” ஆண்ட்ராய்டு டிவி வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் இதுதான். அடுத்து அவர்கள் செய்வதும் வழக்கமாக ஒரே மாதிரித் தவறுகள்தான். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அப்டேட் ஓடும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள் என்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை இங்கே விட்டுவிடலாம்.

எது அப்டேட் ஆனது என்று பார்க்காமல் பழி போடுவது

டிவியில் இரண்டு வகை அப்டேட் வருகிறது. ஒன்று, கம்பெனி அனுப்பும் ஃபர்ம்வேர், அதாவது டிவியை இயக்கும் அடிப்படை மென்பொருள். இது வருடத்துக்குச் சில முறைதான் வரும், நிறுவும்போது டிவி ரீஸ்டார்ட் ஆகும். இன்னொன்று, ப்ளே ஸ்டோர் வழியாக ஆப்களுக்கு வருவது. இது சத்தமில்லாமல் ராத்திரியில் நடந்துவிடும். முகப்புத் திரையே ஒரு ஆப்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திடீரென்று பெரிய விளம்பரப் பட்டை முளைத்தாலோ, பழக்கமான வரிசை காணாமல் போனாலோ, அது பெரும்பாலும் இந்த ஆப் மாறியதன் விளைவு. ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். Settings-இல் System, அதற்குள் About போனால் `Android security patch level` என்று ஒரு தேதி இருக்கும். சில டிவிகளில் System-க்குப் பதில் Device Preferences என்று இருக்கும். தொல்லை தொடங்கியது இந்த மாதம், அங்கே இருப்பதோ இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி என்றால் ஃபர்ம்வேர் மேல் சந்தேகப்பட அநேகமாகக் காரணமில்லை. தேதி புதிதாக இருந்தால், டிவியை ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு ஆப்களைப் புதிய சிஸ்டத்துக்கு ஏற்ப மறுபடி தயார்படுத்தும் வேலை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். முதல் நாள் வேகத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது.

பழைய வெர்ஷனுக்குப் போவதாக நினைத்து ஃபேக்டரி ரீசெட் அடிப்பது

இதுதான் எரிச்சலூட்டும் தவறு. கஸ்டமர் கேரிலும் முதலில் இதையே சொல்வதால் இது ஒழிய மாட்டேன் என்கிறது.

ஃபேக்டரி ரீசெட் அழிப்பது உங்கள் அக்கவுண்ட், ஆப்கள், செட்டிங்ஸ் ஆகியவற்றை மட்டும்தான். ஃபர்ம்வேர் வேறு பகுதியில் இருக்கிறது. ரீசெட் அதைத் தொடாது. டிவி பெட்டியிலிருந்து எடுத்த அன்று இருந்த வெர்ஷன் திரும்ப வராது. பென்டிரைவில் பழைய ஃபைலைப் போட்டு இறக்கலாம் என்றால், தற்போது இருப்பதைவிடப் பழைய வெர்ஷனைப் பெரும்பாலான டிவிகள் ஏற்பதில்லை.

“ரீசெட் போட்டேன், வேகமாயிடுச்சே” என்பார்கள். ஆகும். ஆனால் அது அதிக நாள் நிலைப்பதில்லை. காரணம் ஸ்டோரேஜில் இருக்கிறது. 8 ஜிபி என்று விற்கும் டிவியில் பாதியளவு சிஸ்டத்துக்கே போய்விடும். டிவியோடு வந்த யூடியூப், முகப்புத் திரை போன்ற ஆப்கள் அந்த சிஸ்டம் பகுதியில் இருப்பவை, அவற்றை அழிக்க முடியாது. அவற்றுக்கு அப்டேட் வரும்போது பழையது அங்கேயே இருக்க, புதியது உங்களுக்கான மீதி இடத்தில் வந்து உட்காரும். ஒரே ஆப் இரண்டு இடத்தை அடைத்துக்கொள்கிறது. சில நூறு எம்பிதான் மிச்சம் என்ற நிலைக்கு வந்துவிட்டால் ரிமோட்டை அழுத்தி மூன்று வினாடி கழித்துத்தான் திரை அசையும். ரீசெட் அந்த இடத்தைக் காலி செய்கிறது, அவ்வளவுதான். ஆட்டோ அப்டேட் ஆனில் இருப்பதால் அத்தனையும் மறுபடி இறங்கி, டிவி பழைய நிலைக்கே வந்துவிடும். கூடவே எல்லா ஓடிடி லாகினும் போயிருக்கும். ப்ளே ஸ்டோரில் உங்கள் மாடலுக்கு இப்போது கிடைக்காத ஒரு ஆப் இதுவரை ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் போச்சு.

2025 மார்ச் 9 அன்று நடந்ததைச் சொன்னால் புரியும். டிவியில் செருகும் கூகுளின் இரண்டாம் தலைமுறை க்ரோம்காஸ்ட் கருவிகள் அன்று உலகம் முழுக்க வேலை செய்யாமல் நின்றன. உள்ளே இருந்த பத்து வருட டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியானதுதான் காரணம். சில நாளில் கூகுள் அப்டேட் அனுப்பிச் சரிசெய்தது. சும்மா விட்டவர்களுக்கு அது தானாகவே சரியானது. அவசரப்பட்டு ரீசெட் அடித்தவர்களால் கருவியைத் திரும்ப செட்அப் செய்யவே முடியவில்லை. போனில் இருக்கும் கூகுள் ஹோம் ஆப்புக்குத் தனி அப்டேட் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே அறிவித்திருந்தது.

ரீசெட் தரும் பலனில் பெரும்பகுதியை ரீசெட் இல்லாமலே பெறலாம். ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தை அழுத்தி, Settings-இல் Auto-update apps போய் `Don't auto-update apps` என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் அடுத்ததைச் செய்தால் ராத்திரியில் எல்லாம் திரும்ப வந்துவிடும். பிறகு Settings-இல் Apps, அங்கே See all apps, கடைசியில் Show system apps. முகப்புத் திரை ஆப்பின் பெயர் `Android TV Home` அல்லது `Google TV Home` என்று இருக்கும். அதைத் திறந்து `Uninstall updates` கொடுங்கள். ஃபர்ம்வேரோடு வந்த பழைய முகப்பு திரும்பும். நீங்கள் பார்க்காத மற்ற சிஸ்டம் ஆப்களுக்கும் இதையே செய்யலாம். `Google Play services` பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள், லாகின் உட்படப் பல விஷயங்கள் அதை நம்பி இருக்கின்றன. Storage-இல் ஒரு ஜிபியாவது காலியாக இருப்பதாகக் காட்டும்வரை தொடருங்கள். கடைசியில் ரிமோட்டின் பவர் பட்டனை நீளமாக அழுத்தி Restart கொடுங்கள். சும்மா ஆஃப் செய்தால் டிவி தூங்குமே தவிர ரீஸ்டார்ட் ஆகாது.

கூகுள் டிவி முகப்பு இருந்தால், Accounts பகுதியில் உங்கள் அக்கவுண்டுக்குள் `Apps only mode` என்று ஒன்று இருக்கும். பரிந்துரைகள் பெரும்பாலும் போய்விடும், 1 ஜிபி ரேம் டிவிக்கு மூச்சு வரும். ஆனால் குரல் தேடலும் கூடவே போகும்.

எல்லா அப்டேட்டையும் நிரந்தரமாக நிறுத்துவது

க்ரோம்காஸ்ட் கதையின் மறுபக்கம் இது: அதைச் சரிசெய்ததும் ஒரு அப்டேட்தான். வாங்கிய முதல் ஒன்றிரண்டு வருடம் ஃபர்ம்வேர் ஆட்டோ அப்டேட் ஆனிலேயே இருக்கட்டும். சவுண்ட்பார் ஒத்துப்போகாதது, எச்டிஎம்ஐ துண்டிப்பது போன்ற கோளாறுகள் அந்தக் காலத்தில்தான் சரிசெய்யப்படும். அதன்பின் மேனுவலுக்கு மாற்றலாம். சாம்சங்கில் Settings, Support, Software Update-க்குள் Auto Update இருக்கும். மற்றவற்றிலும் Support அல்லது About பகுதியில் தேடினால் கிடைக்கும். புது வெர்ஷன் வந்தால் குறிப்பைப் படியுங்கள். உங்களுக்கு இருக்கும் கோளாறு அதில் பெயரோடு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். மோசமான அப்டேட்டாக இருந்தால் அதற்குள் பலர் புலம்பியிருப்பார்கள்.

ஓடிடி ஆப்களைக் கையாலேயே அப்டேட் செய்யுங்கள், அதுவும் அந்த ஆப் கேட்கும்போது மட்டும். ஃபயர் ஸ்டிக்கோ செட்டாப் பாக்ஸோ வைத்து டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் டிவியின் வைஃபையையே துண்டித்துவிடலாம்.

ஆட்டோ அப்டேட்டை நிறுத்தினால் எந்த வசதியும் போகாது என்று நம்புவது

போகும். 2019 டிசம்பரில் சில பழைய சாம்சங் டிவிகளிலும் ரோகு கருவிகளிலும் நெட்ஃப்ளிக்ஸ் நின்றது. அந்த முடிவு டிவிக்கு வெளியே எடுக்கப்பட்டது, டிவிக்குள் எந்த ஸ்விட்சை அணைத்திருந்தாலும் அது தடுத்திருக்காது. அந்த நிலையில் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகுவதுதான் மலிவான வழி.

பிக்சர் செட்டிங்ஸைப் போட்டோ எடுக்காமல் ஃபர்ம்வேர் போடுவது

சில அப்டேட்கள் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குத் தள்ளிவிடும். எடுத்து வையுங்கள்.