டிசி மேல் ஏறிய சைன் அலை: ஆர்எம்எஸ் மதிப்பைக் கூட்டிவிடாதீர்கள்

3 வோல்ட் டிசியின் மேல் 4 வோல்ட் உச்சமுள்ள சைன் அலை ஏறி நிற்கிறது. மொத்த ஆர்எம்எஸ் எவ்வளவு? சைனுக்கு மட்டும் 4/√2, அதாவது 2.83 வோல்ட். அதோடு 3-ஐக் கூட்டி 5.83 என்று எழுதுபவர்கள்தான் அதிகம். அது தவறு. வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும்:

```
Vrms = √(3² + 4²/2) = √17 ≈ 4.12 V
```

காரணம் எளிது. (3 + 4 sin ωt) என்பதை வர்க்கப்படுத்தினால் நடுவில் 24 sin ωt வரும். ஒரு முழுச் சுற்றில் அதன் சராசரி பூஜ்யம். மிஞ்சுவது 9-ம் 8-ம் மட்டுமே. 10 ஓம் மின்தடையில் இது 1.7 வாட் வெப்பம் தரும், 5.83 என்று நம்பினால் கணக்கு 3.4 வாட்டுக்கு எகிறிவிடும்.

சரி, மீட்டரில் எப்படி அளப்பது? பல மல்டிமீட்டர்கள், ட்ரூ ஆர்எம்எஸ் வகையும்கூட, ஏசி நிலையில் டிசியைத் தடுத்துவிட்டு 2.83 மட்டுமே காட்டும். அதனால் டிசி நிலையில் ஒருமுறை, ஏசி நிலையில் ஒருமுறை அளந்து, மேலே சொன்னபடி சேருங்கள்.

விலை குறைந்த மீட்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. அது முழுஅலை திருத்திய சராசரியை அளந்து, சைனின் வடிவக் காரணியான, அதாவது ஆர்எம்எஸ்ஸை அந்தச் சராசரியால் வகுத்தால் வரும் 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. சதுர அலைக்கு அந்தக் காரணி 1 தான். அதனால் 5 வோல்ட் உச்சமுள்ள, டிசி கலக்காத சதுர அலையை 5.55 என்று காட்டும். முக்கோண அலைக்குக் காரணி 1.155, அங்கே சுமார் 4% குறைவாகக் காட்டும்.